அஜினோமோட்டோவா, தக்காளியா: அண்ணியின் சமையற்கட்டில் ஒரு கணக்கு

மடிப்பாக்கத்தில் என் அண்ணி வீட்டிலிருந்தே சாப்பாடு கட்டிக் கொடுக்கிறார். மதியம் நாற்பது டப்பா, சாயங்காலம் இருபது கப் சூப், ராத்திரி கொஞ்சம் ஃப்ரைட் ரைஸ். போன மாதம் வாடிக்கையாளர் ஒருவரிடமிருந்து அவருக்கு வாட்ஸ்அப்பில் ஒரு வரி வந்தது: “அக்கா, உங்க தக்காளி சூப் குடிச்சா தலை வலிக்குது. அஜினோமோட்டோ போடுறீங்களா?”

அண்ணி சூப்பில் அதைப் போடுவதே இல்லை. கோபமும் வருத்தமுமாக எனக்குப் போன் செய்தார். கிண்டியில் உணவுப் பரிசோதனைக் கூடத்தில் பதினோரு வருடம் வேலை பார்த்தவன் நான். “தம்பி, சூப்பை உன் லேப்ல கொடுத்து, அஜினோமோட்டோ இல்லேன்னு எழுதி வாங்கிக் கொடு. அந்தப் பொண்ணுக்கு அனுப்பிடுறேன்.”

“அண்ணி, அப்படி எழுதித் தர மாட்டாங்க. சோதிச்சா இருக்குன்னுதான் வரும்” என்றேன்.

“போடாத சாமான் எப்படிடா இருக்கும்?”

இந்தக் கட்டுரை அந்தக் கேள்விக்கான பதில்தான். எதில் எதைப் போடலாம், போட்டால் எவ்வளவு என்று அதன்பின் நாங்கள் உட்கார்ந்து போட்ட கணக்கும் இதில் உண்டு.

நான்கு லிட்டர் சூப்புக்கு அண்ணி மூன்று கிலோ பழுத்த தக்காளி போடுகிறார். நன்றாகப் பழுத்த தக்காளியில், அஜினோமோட்டோவுக்கு ருசி தரும் அதே குளூட்டமேட் 100 கிராமுக்குச் சுமார் 200 மில்லிகிராம் தனியாக, அதாவது புரதத்தோடு பிணைந்து கிடக்காமல், இருக்கும். ரகத்தைப் பொறுத்து இது கூடும், குறையும். மூன்று கிலோவுக்கு 6 கிராம். இருபது கப்பில் பிரித்தால் ஒரு கப்புக்கு 300 மில்லிகிராம். கருவி அளப்பது இந்தத் தனித்த குளூட்டமேட்டைத்தான். அதை மோனோசோடியம் குளூட்டமேட், சுருக்கமாக எம்எஸ்ஜி, அதாவது அஜினோமோட்டோ கணக்கில் மாற்றி எழுதினால் ஏறக்குறைய 0.19 சதவீதம் என்று வரும். ஒரு சமையல்காரர் சூப்பில் வேண்டுமென்றே அஜினோமோட்டோ தூவினாலும் கிட்டத்தட்ட இந்த அளவுதான் தூவுவார்.

இது எங்கள் கூடத்தின் கோளாறு இல்லை. 2015ல் நூடுல்ஸ் விவகாரம் நாடு முழுக்கப் பற்றி எரிந்தது நினைவிருக்கும். அதற்கு அடுத்த வருடம் இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையமே ஒரு சுற்றறிக்கையில் இதைச் சொல்லிவிட்டது: பொருளில் இருக்கும் குளூட்டமேட் சேர்த்ததா, இயற்கையாகவே இருந்ததா என்று பிரித்துச் சொல்ல வழக்கமான ஆய்வக முறை கிடையாது. சேர்த்தார்களா என்று அறிய வேண்டுமானால் தயாரிக்கும் இடத்துக்குப் போய்ப் பார்க்க வேண்டும்.

காரணம் எளிது. இரண்டும் ஒரே மூலக்கூறு. அஜினோமோட்டோ என்பது ஒரு ஜப்பானிய நிறுவனத்தின் பெயர்; நம் ஊரில் அது பொருளின் பெயராகவே ஆகிவிட்டது. 1908ல் தோக்கியோவில் கிகுனே இகேடா என்ற வேதியியல் பேராசிரியர், கோம்பு என்ற கடற்பாசியைக் கொதிக்க வைத்த நீரில் அந்த ருசி எதனால் வருகிறது என்று தேடி, குளூட்டமிக் அமிலத்தைப் பிரித்தெடுத்தார். அமிலமாகவே வைத்தால் புளிக்கும், தண்ணீரில் சரியாகக் கரையாது. சோடியத்தோடு சேர்த்து உப்பாக்கினால் சுலபமாகக் கரையும், ருசியும் தெளிவாக இருக்கும். அடுத்த வருடமே கடைக்கு வந்துவிட்டது. இப்போது கடற்பாசியிலிருந்து யாரும் எடுப்பதில்லை. கரும்பு வெல்லப்பாகையோ மரவள்ளி மாவையோ ஒரு பாக்டீரியாவுக்குத் தீனியாகக் கொடுத்துப் புளிக்க வைக்கிறார்கள். தயிர் உறைவதற்குத் தூரத்து உறவு என்று சொல்லலாம்.

இந்த உப்பு தண்ணீரில் கரைந்ததும் சோடியம் தனி, குளூட்டமேட் தனி. தக்காளிச் சாற்றில் குளூட்டமேட்டுக்குத் துணையாகப் பெரும்பாலும் பொட்டாசியம் இருக்கிறது. நாக்கில் இருக்கும் ஏற்பிக்கு வந்தது பாக்கெட்டிலிருந்தா, கோயம்பேட்டிலிருந்தா என்று தெரியாது. இரைப்பையின் அமிலத்தில் விழுந்த பிறகு அந்தத் துணையும் முக்கியமில்லை. உணவில் வரும் குளூட்டமேட்டில் பெரும்பகுதியைக் குடலின் செல்களே எரிபொருளாகத் தீர்த்துவிடுகின்றன. சாதாரணச் சாப்பாட்டுக்குப் பிறகு ரத்தத்தில் அதன் அளவு பெரிதாக ஏறாததற்கு இதுதான் காரணம்.

“அப்ப ரெண்டும் ஒண்ணுதானே? தாராளமா போட்டுடலாமே?” என்றார் அண்ணி. அதுவும் இல்லை. பொருள் ஒன்று, வரும் விதம் வேறு. முதல் வித்தியாசம் அளவு. அது எவ்வளவு பெரியது என்று பார்க்க ஃப்ரைட் ரைஸுக்குப் போவோம்.

அண்ணியிடம் வேலை செய்யும் மாஸ்டர் முன்பு வேளச்சேரிப் பக்கம் ஒரு தள்ளுவண்டியில் கடாய் பிடித்தவர். அவர் கை அளவு ஒரு பிளேட்டுக்கு அரை டீஸ்பூன். ஒரு டீஸ்பூன் சுமார் 4 கிராம். ஆகவே பிளேட்டுக்கு 2 கிராம். அதில் சோடியமும் நீரும் போக குளூட்டமேட் ஏறக்குறைய 1.6 கிராம். அதைத் தக்காளியிலிருந்து எடுக்க வேண்டுமானால் 800 கிராம் தக்காளி வேண்டும். ஒரு பிளேட்டுக்கு! அவ்வளவு தக்காளியைப் போட்டால் அது ஃப்ரைட் ரைஸ் இல்லை, தக்காளிப் பொங்கல். தக்காளி தன் அளவைத் தானே கட்டுப்படுத்திக்கொள்ளும். புளிப்பும் தண்ணீரும் நாரும் ஒரு கட்டத்தில் “போதும்” என்று சொல்லிவிடும். வெள்ளைத் தூளுக்கு அந்த வாய் இல்லை. கை தவறி ஒரு ஸ்பூன் கூட விழுந்தாலும் கடாயைப் பார்த்தால் தெரியாது.

ஆனால் நாக்கு காட்டிக் கொடுத்துவிடும். சாப்பாட்டின் எடையில் 0.2 முதல் 0.8 சதவீதம் வரை ருசி ஏறும். அதைத் தாண்டினால் ஏறாது, கெடும். எச்சில் ஊறிக்கொண்டே இருக்கும், நாக்கில் ஒரு படலம் ஒட்டியது போல இருக்கும், கேரட்டும் கோஸும் முட்டையும் எல்லாம் ஒரே ருசியாகிவிடும். ரோட்டோரக் கடையில் சிக்கன் ரைஸும் முட்டை ரைஸும் கண்ணை மூடிக்கொண்டு சாப்பிட்டால் ஒன்று போலவே இருக்கிறதா? மாஸ்டரின் கை தாராளம் என்று அர்த்தம்.

சரி, அந்த 2 கிராம் கெடுதலா? இதற்குப் பயத்தின் வரலாற்றைக் கொஞ்சம் பார்க்க வேண்டும். 1968ல் அமெரிக்காவில் ஒரு மருத்துவர், சீன உணவகங்களில் சாப்பிட்டால் தனக்குப் பின்கழுத்து மரத்துப்போகிறது, படபடப்பு வருகிறது என்று ஒரு மருத்துவ இதழுக்குக் கடிதம் எழுதினார். சோயா சாஸா, சமையலில் ஊற்றும் மதுவா, உப்பா, இல்லை இந்தத் தூளா என்று அவர் பல சந்தேகங்களைக் கேட்டிருந்தார். மக்கள் மனத்தில் தூள் மட்டும் நின்றுவிட்டது. அடுத்த வருடம் ஜான் ஓல்னி என்பவர், பிறந்த எலிக்குட்டிகளுக்கு இதை ஊசி மூலம் ஏற்றி, மூளையில் பாதிப்பு வருவதைக் காட்டினார். அந்த ஆய்வு பொய் இல்லை. ஆனால் அளவு, எடையில் கிலோவுக்கு அரை கிராமிலிருந்து 4 கிராம் வரை. 60 கிலோ ஆளுக்கு அதே கணக்கைப் போட்டால் குறைந்தது 30 கிராம். அதுவும் ஊசியில், குடல் என்ற வடிகட்டியைச் சுற்றிக்கொண்டு. நாம் வாயால் சாப்பிடுகிறோம்.

மனிதர்களிடம் நடந்த சோதனைகளில் எனக்கு முக்கியமாகப் படுவது 2000ம் ஆண்டு வெளியான ஒன்று. “எனக்கு இது ஒத்துக்கொள்ளாது” என்று தாங்களே சொன்ன 130 பேரை எடுத்தார்கள். சாப்பாடு இல்லாமல் 5 கிராம் தூள் கலந்த பானம் ஒரு நாள், அதே மாதிரி தெரியும் வெறும் பானம் இன்னொரு நாள். எது எது என்று கொடுப்பவருக்கும் தெரியாது, குடிப்பவருக்கும் தெரியாது. முதல் சுற்றில் தூள் கலந்த பானத்துக்குத் தொந்தரவு சொன்னவர்கள் அதிகம்தான். அதை மறைக்கக் கூடாது. ஆனால் அதே ஆட்களுக்கே திரும்பத் திரும்பக் கொடுத்தபோது எண்ணிக்கை கரைந்துகொண்டே வந்தது. கடைசியில் ஒவ்வொரு முறையும் தூளுக்கு மட்டும் தொந்தரவு காட்டியவர்கள் இருவர். அவர்களுக்கும் சாப்பாட்டோடு கொடுத்தபோது அது நிலையாக வரவில்லை.

இதிலிருந்து நான் எடுத்துக்கொள்வது இதுதான்: வெறும் வயிற்றில் ஒரே மூச்சில் 3 கிராமுக்கு மேல் போனால் சிலருக்குக் கொஞ்ச நேரம் தலைவலி, கழுத்து இறுக்கம் வரலாம். சோறோடு ஒரு கிராம் சாப்பிடுபவருக்கு அப்படி ஆவதற்கு நல்ல ஆதாரம் இல்லை. “மூளையைத் தின்றுவிடும்”, “கேன்சர் வரும்” என்று குடும்ப குரூப்பில் வரும் செய்திகளுக்கு ஆதாரமே இல்லை.

அதற்காக எல்லையே இல்லை என்று இல்லை. உலக சுகாதார நிறுவனமும் உணவு வேளாண் அமைப்பும் சேர்ந்து அமைத்த நிபுணர் குழு 1987ல் இதற்குத் தினசரி வரம்பு எண் தேவையில்லை என்று முடித்தது. ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2017ல் மறுபடி பார்த்து, உடல் எடையில் கிலோவுக்கு 30 மில்லிகிராம் குளூட்டமிக் அமிலம் என்று ஒரு வரம்பு வைத்தது. எலிகளில் பாதிப்பு தெரியாத அளவை எடுத்து, பாதுகாப்புக்காக அதை நூறால் வகுத்து வந்த எண் அது. தாண்டினால் உடனே ஆபத்து என்ற கோடு இல்லை, ஜாக்கிரதையான கோடு. கணக்கில் வருவதும் சேர்க்கும் தூள் மட்டும்தான், தக்காளி இல்லை.

அந்த ஜாக்கிரதைக் கோட்டை மாஸ்டரின் பிளேட்டில் வைத்துப் பாருங்கள். 60 கிலோ ஆளுக்கு நாளைக்கு 1.8 கிராம். ஒரு பிளேட் 1.6 கிராம் கொடுத்துவிட்டது. 20 கிலோ எடையுள்ள பிள்ளைக்கு 0.6 கிராம்தான், அரைப் பிளேட் சாப்பிட்டாலே தாண்டிவிடுகிறது. எனக்கு உறுத்தியது இந்த இடம்தான். மாஸ்டரிடம் பேசியதில் பிளேட்டுக்கு கால் டீஸ்பூன், அதாவது ஒரு கிராம் என்று ஒத்துக்கொண்டார். கையால் தூவாமல் அளவு ஸ்பூனால். 350 கிராம் பிளேட்டில் அது 0.3 சதவீதம், ருசிக்குப் போதும். குழந்தைகளுக்கு என்று சொல்லி வாங்கும் பிளேட்டில் வேண்டாம் என்று அண்ணி தானே முடிவு செய்தார்.

ஒரு வயதுக்குட்பட்ட குழந்தைக்குக் கூடாது என்று பாக்கெட்டிலேயே எழுத வேண்டும் என்பது நம் நாட்டு விதி. (தாய்ப்பாலிலேயே 100 மில்லிக்கு 20 மில்லிகிராம் அளவுக்குத் தனித்த குளூட்டமேட் இருக்கிறது, பசும்பாலைவிடப் பல மடங்கு. அதைச் சொன்னபோது அண்ணி என்னை ஒரு மாதிரி பார்த்தார். இருந்தாலும் விதி நல்லதுதான். கைக்குழந்தைக்கு ஃப்ரைட் ரைஸ் எதற்கு?)

இதற்கு நடுவில் உண்மையான குற்றவாளி ஓரமாக நின்றுகொண்டிருந்தது: உப்பு. தூளில் எடையில் 12 சதவீதம்தான் சோடியம். சாப்பாட்டு உப்பில் 39 சதவீதம். 2 கிராம் தூள் கொண்டு வரும் சோடியம் கால் கிராம். அதே பிளேட்டில் மாஸ்டர் போடும் 4 கிராம் உப்பு கொண்டு வருவது 1.6 கிராம். அதன்மேல் சோயா சாஸ் ஒரு டேபிள்ஸ்பூன் ஊற்றினால் இன்னும் ஏறத்தாழ முக்கால் கிராமிலிருந்து ஒரு கிராம். நாள் முழுவதற்கும் உலக சுகாதார நிறுவனம் சொல்வது 2 கிராம். ராத்திரி பதினோரு மணிக்கு ஃப்ரைட் ரைஸ் சாப்பிட்டுவிட்டு, நடுராத்திரி தாகத்தில் எழுந்து, காலையில் தலைபாரமாக இருந்தால் ஆளாளுக்கு அஜினோமோட்டோவைத் திட்டுகிறோம். நான் முதலில் சந்தேகப்படுவது உப்பையும் தூக்கமின்மையையும்தான்.

இதில் ஒரு நன்மையும் ஒளிந்திருக்கிறது. தூள் கொஞ்சம் இருந்தால் உப்பைக் குறைத்தாலும் நாக்கு குறை சொல்லாது. மாஸ்டர் தூளைப் பாதியாக்கியபோதே உப்பையும் கால்வாசி குறைத்துப் பார்த்தோம். சாப்பிட்டவர்கள் யாரும் கண்டுபிடிக்கவில்லை. தூளை உப்புக்கு மேல் கொட்டினால் நஷ்டம், உப்புக்குப் பதிலாகப் போட்டால் லாபம்.

அப்புறம் மூன்றாவது வழி ஒன்றை அண்ணியே கொண்டு வந்தார். மொத்தக் கடையில் “எம்எஸ்ஜி சேர்க்கவில்லை” என்று பெரிதாக அச்சடித்த சூப் மசாலா. பாக்கெட்டைத் திருப்பிப் பார்த்தேன். முதல் பொருள் உப்பு. அப்புறம் ஈஸ்ட் சாறு, நீராற்பகுத்த காய்கறிப் புரதம், கடைசியில் 635 என்ற எண். ஈஸ்ட் சாற்றிலும் உடைத்த புரதத்திலும் இருப்பது அதே தனித்த குளூட்டமேட்தான். 635 என்பது அதன் ருசியைப் பல மடங்கு தூக்கிக் காட்டும் துணைச் சரக்கு. கருவாட்டுக் குழம்பில் தக்காளி சேரும்போது ருசி எகிறுவதும் இதே கூட்டணியால்தான். அதில் பொய் எதுவும் எழுதவில்லை, 621ஐ, அதாவது எம்எஸ்ஜியை, அவர்கள் சேர்க்கவில்லைதான். ஆனால் அஜினோமோட்டோ வேண்டாம் என்று தேடி வருபவர் அதையேதான் கூடுதல் விலைக்கும் கூடுதல் உப்புக்கும் வாங்குகிறார். மூன்றில் எனக்குப் பிடிக்காதது இதுதான். தூள் பாக்கெட்டாவது தான் என்னவென்று முகத்தில் எழுதிக்கொண்டு வருகிறது.

ஆகவே சூப், ரசம், குருமா, தொக்கு எல்லாவற்றிலும் தக்காளியே ஜெயிக்கிறது. தூள் கெட்டது என்பதற்காக இல்லை. அங்கே தூளுக்கு வேலை இல்லை என்பதற்காக. அதற்குத் தக்காளியைச் சரியாகப் பயன்படுத்த வேண்டும். பச்சையாக இருக்கும்போது தக்காளியில் குளூட்டமேட் மிகக் குறைவு. சிவக்கச் சிவக்கப் பல மடங்கு ஏறும். பெட்டியில் பாதி பழுத்து வருவதை இரண்டு நாள் வெளியே வைத்துவிட்டுச் சமைத்தால் சூப்பே வேறு. அண்ணி விதையை வடிகட்டி எறிந்துகொண்டிருந்தார். அங்கேதான் சரக்கே இருக்கிறது. விதையைச் சுற்றியுள்ள குழகுழப்பில் சதையைவிட மூன்று நான்கு மடங்கு அதிகம். இப்போது விதையோடு வேக வைத்து, அரைத்து, கடைசியில் தோலை மட்டும் வடிகட்டுகிறார். தொக்கு இன்னும் சிக்கனம்: ஒரு கிலோவை 300 கிராமாகச் சுண்ட வைத்தால் இரண்டு டேபிள்ஸ்பூன் தொக்கில் 200 மில்லிகிராமுக்கு மேல் வந்துவிடும்.

தக்காளி விலை ஏறும்போது என்ன செய்வது என்பது நியாயமான கேள்வி. 2023 ஜூலையில் சென்னையில் கிலோ நூறு ரூபாயைத் தாண்டி, ரேஷன் கடையில் அறுபதுக்கு விற்றார்களே, அந்த மாதிரி நாள் திரும்ப வரும். அப்போது தக்காளியைப் பாதியாக்கி, நான்கு லிட்டருக்கு ஒரு டீஸ்பூனுக்கும் சற்றுக் குறைவாகத் தூள் போட்டால் குளூட்டமேட் பழையபடி வந்துவிடும். நிறம், புளிப்பு, கெட்டித்தன்மை வராது. அதற்கு ஒருவர் புளி ஊற்றுவார், சோள மாவு கரைப்பார், கலர் போடுவார். இங்கேதான் தூளின் நிஜமான கெடுதல் இருக்கிறது என்பது என் அபிப்பிராயம்: உடம்புக்கு இல்லை, சமையலுக்கு. இல்லாத சரக்கை இருப்பது போலக் காட்ட அது உதவுகிறது. அண்ணி அந்த நாட்களில் சூப்பை நிறுத்திவிட்டு மிளகு ரசம் தருவதாகச் சொல்லிவிட்டார்.

தலைவலிப் பெண்ணின் கதை பாக்கி இருக்கிறது. அண்ணி அவரிடம் விஷயத்தைச் சொல்லி, சம்மதம் வாங்கி, ஆறு நாள் இலவசமாக சூப் அனுப்பினார். மூன்று நாள் வழக்கமான சூப், மூன்று நாள் அதில் கால் டீஸ்பூன் தூள் கலந்தது, உப்பு ஒரே அளவு, வரிசையை நான் சீட்டுக் குலுக்கி எழுதி வைத்துக்கொண்டேன். தலைவலி வந்ததா, அன்று மதியம் என்ன சாப்பிட்டார் என்று அவர் குறித்துக்கொண்டார். தலைவலி இரண்டு நாள் வந்தது. ஒன்று தூள் கலந்த நாள், ஒன்று கலக்காத நாள். இரண்டு நாளும் மீட்டிங்கில் மாட்டி, மதியச் சாப்பாட்டை விட்டிருந்தார். ஆறு நாளை வைத்து அறிவியல் பேச முடியாது. அவர் ஒருவருக்கு முடிவெடுக்க அது போதும். இப்போது மதியச் சாப்பாட்டையும் அண்ணியிடமே வாங்குகிறார். சூப்பில் உப்பு மட்டும் கொஞ்சம் குறையுங்கள் அக்கா என்று சொல்லியிருக்கிறார்.